ஜூனியரும் சீனியரும்: அமெரிக்கப் பெயர்களின் பின்னொட்டை ஏடுகளும் அஞ்சலும் கையாளும் விதம்

அமெரிக்காவில் ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில், பெயருக்கு நான்கு இடங்கள் விடப்பட்டிருக்கின்றன. முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் ஆகிய மூன்றும் நமக்கு ஓரளவு பழகியவை. நான்காவது இடம் பின்னொட்டுக்கு உரியது. ஜூனியர், சீனியர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று தலைமுறையைக் காட்டும் சொல் அல்லது எண் அதில் எழுதப்படும். பெரும்பாலோர் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகின்றனர். எழுதுவோருக்கோ, அந்தச் சிறு ஒட்டு வாழ்நாள் முழுவதும் சில ஏடுகளில் தென்படும், சில ஏடுகளில் மறைந்துபோகும். அதனால் கடன் மறுக்கப்பட்டவர்களும், உயிரோடிருக்கும்போதே இறந்தவராகப் பதியப்பட்டவர்களும் அந்நாட்டில் உண்டு. நம் வாடிக்கையாளர்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்வதால், இதன் நடைமுறையை அறிந்துவைப்பது பயன் தரும்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். தந்தையின் முழுப்பெயரும் எழுத்துப் பிசகாமல் மகனுக்குச் சூட்டப்பட்டால்தான் அவன் ஜூனியர். நடுப்பெயர் மாறினாலும் அந்த ஒட்டு பொருந்தாது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களாக இருந்த தந்தை, மகன் புஷ் இருவரையும் நாம் சீனியர், ஜூனியர் என்று பேச்சில் சொல்வதுண்டு. ஆனால் தந்தை ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ். மகன் ஜார்ஜ் வாக்கர் புஷ். மகனின் பெயரில் ஹெர்பர்ட் இல்லை. ஆகவே முறைப்படி அவர் ஜூனியர் அல்லர். ஜோ பைடனோ முறைப்படியே ஜூனியர். தந்தையின் முழுப்பெயரும் அவருக்கு இருக்கிறது. தந்தையை விட்டுப் பாட்டனார் அல்லது சிற்றப்பன், பெரியப்பன் பெயரை வைத்தால் குழந்தை இரண்டாமவர் எனப்படும். ஜூனியருக்குப் பிறக்கும் மகனுக்கும் அதே பெயர் வைத்தால் அவன் மூன்றாமவர்.

இவ்வழக்கத்தில் இரண்டு நெளிவுகள் உள்ளன. ஏடுகளில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவையே வேர்.

ஒன்று, ‘சீனியர்’ என்பது எவருக்கும் பிறப்பில் வருவதில்லை. தந்தை பிறந்தபோது அவருக்கு மகன் இல்லை. எனவே அவருடைய பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றுகளிலும் முதல் வங்கிக் கணக்கிலும் ஒட்டு எதுவும் இராது. மகன் பிறந்த பிறகு, அதுவும் மகன் வளர்ந்து தன் பெயரில் கடிதங்கள் பெறத் தொடங்கிய பிறகே, வேறுபாட்டுக்காகச் சிலர் சீனியர் என்று எழுதத் தொடங்குவர். பலர் கடைசிவரை எழுதுவதே இல்லை. மற்றொன்று, தந்தை இறந்தபின் மகன் ஒட்டைக் கைவிட்டுவிடலாம் என்று பழைய மரபு ஒன்று உண்டு. அப்போது மூன்றாமவர் ஜூனியராக ஏறுவார். இக்காலத்தில் பலரும் பிறப்பில் பெற்ற ஒட்டை அப்படியே வைத்துக்கொள்கின்றனர் என்றாலும், பழைய மரபைப் பின்பற்றும் குடும்பங்களும் இருக்கின்றன.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒட்டில்லாத ஒரு பெயர் ஏட்டில் இருந்தால், அது தந்தையாக இருக்கலாம். ஒட்டை எழுத மறந்த மகனாக இருக்கலாம். தந்தை இறந்தபின் ஒட்டைக் கைவிட்ட மகனாகவும் இருக்கலாம். ஓர் ஏட்டில் சீனியர் என்றும் மற்றோர் ஏட்டில் ஜூனியர் என்றும் இருந்தால் இருவர் வெவ்வேறானவர் என்று ஊகிக்கலாம். ஆனால் ஒட்டு இல்லாமை எதையும் தெரிவிப்பதில்லை. பதிவேடு வைப்போர் அனைவரும் இந்த இக்கட்டுக்கு ஏதோ ஒரு விடை கண்டாக வேண்டும். அவர்கள் கண்ட விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் நடுவண் அமைப்பு, ஒவ்வொருவருக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்றை வழங்குகிறது. நம் ஆதார் எண் அளவுக்கு அங்கே எல்லாவற்றுக்கும் பயன்படுவது அந்த எண். அவ்வமைப்பின் விதிப்படி முதற்பெயரும் குடும்பப்பெயருமே ஒருவரின் சட்டப்படியான பெயர். நடுப்பெயரும் பின்னொட்டும் சட்டப்படியான பெயரில் சேர்வதில்லை. அவை விடுபட்டாலும் தவறாக இருந்தாலும் பொருட்டில்லை என்பது அதன் கொள்கை. எண் கையில் இருக்கும்போது ஒட்டு எதற்கு என்பதே அதன் வாதம். அதன் அளவில் அது சரியான வாதமும்கூட. ஓட்டுநர் உரிமம் வழங்கும் மாநிலங்களோ ஒட்டுக்குத் தனி இடம் ஒதுக்குகின்றன. உரிம அட்டையின் பின்புறம் உள்ள பட்டைக் குறியீட்டில் DCU என்னும் குறியீட்டின்கீழ் அது பதியப்படும். விமானப் பயணச்சீட்டில் பல நேரங்களில் அதற்கெனத் தனி இடம் இல்லாமல், குடும்பப்பெயரோடு ஒட்டிக்கொண்டு MILLERJR என்பது போல அச்சாகும். ஆக ஒரே மனிதரின் பெயர், ஒரே நாளில், மூன்று ஆவணங்களில் மூன்று வடிவில் இருக்கக்கூடும்.

இனி அஞ்சலுக்கு வருவோம். அமெரிக்க அஞ்சல் துறையின் பிரிப்பு எந்திரங்கள் உறையின் மேல் எழுதியுள்ள முகவரியைப் படித்து, அதைப் பதினோர் இலக்கங்களாக மாற்றிப் பட்டைக் குறியாக அச்சிடுகின்றன. முதல் ஐந்து இலக்கங்கள் ஊர்ப்பகுதியையும், அடுத்த நான்கு தெருத்துண்டையும், கடைசி இரண்டு வீட்டையும் காட்டும். இதில் பெயருக்கு இடமே இல்லை. ஒரே வீட்டில் வாழும் தந்தைக்கும் மகனுக்கும் வரும் கடிதங்களின் குறி ஒன்றுதான். எனவே சாதாரண நாள்களில் ஜூனியர், சீனியர் என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் கடிதம் அதே பெட்டியில் வந்து விழும்; யாருடையது என்று பிரிப்பது வீட்டாரின் பொறுப்பு.

பெயர் முதன்மை பெறுவது, ஒருவர் வீடு மாறும்போது. ராபர்ட் ஜேம்ஸ் மில்லர் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் ஒஹையோ மாநிலத்தில் ஒரே வீட்டில் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். மகனுக்கு டெக்சஸில் வேலை கிடைக்கிறது. அவர் முகவரி மாற்றப் படிவத்தைப் பூர்த்தி செய்கிறார். அதில் தனிநபர், குடும்பம், நிறுவனம் என்று மூன்று தெரிவுகள் உண்டு. தாம் மட்டுமே செல்வதால் தனிநபர் என்பதைச் சரியாகவே குறிக்கிறார். குடும்பப்பெயருக்கான இடத்திலேயே ஜூனியர், சீனியர் முதலியவற்றையும் எழுதும்படி படிவம் கேட்கிறது. அவர் அதைக் கவனியாமல் மில்லர் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்.

அன்றுமுதல் அஞ்சல் துறையின் பதிவில் இருப்பது, ராபர்ட் ஜேம்ஸ் மில்லர் என்பவர் அந்த வீட்டை விட்டு டெக்சஸுக்குப் போய்விட்டார் என்ற செய்தி. அந்த வீட்டுக்கு வரும் கடிதங்களில் அப்பெயர் உள்ளவற்றை எந்திரம் தேர்ந்தெடுத்துத் திருப்பி விடுகிறது. தந்தையின் வங்கி, ஓய்வூதிய அலுவலகம், மருத்துவக் காப்பீடு யாவும் அவரை ஒட்டில்லாமல் ராபர்ட் மில்லர் என்றே எழுதிவந்திருக்கின்றன. அவை யாவும் மகனைத் தேடி டெக்சஸ் போகும். முதல் வகுப்புக் கடிதங்கள் இவ்வாறு பன்னிரண்டு மாதங்கள் திருப்பி அனுப்பப்படும்.

அத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் முகவரிப் பட்டியலை, அஞ்சல் துறை உரிமம் பெற்றோர்வழி தரும் இடமாற்றத் தொகுப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன. அத்தொகுப்பில் நாற்பத்தெட்டு மாதங்கள் வரையிலான மாற்றங்கள் இருக்கும். அதன்படி தந்தையின் முகவரியே அனுப்புநரின் ஏட்டில் டெக்சஸ் என்று மாறிவிடலாம். அதன்பின் கடிதம் புறப்படும்போதே தவறான ஊருக்குப் புறப்படுகிறது. அஞ்சல் நிலையத்தில் படிவத்தை நீக்கினாலும் இது சரியாகாது. அனுப்புநர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே திருத்த வேண்டும்.

இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. முகவரி மாற்றம் பதிவானதும், அதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று பழைய முகவரிக்கு அனுப்பப்படும். நம் கதையில் அக்கடிதம் தந்தையின் கைக்கு வரும். மகன் போனது தெரிந்ததுதானே என்று அதை ஓரமாக வைத்துவிடாமல், அதிலுள்ள பெயரில் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையெனில் உடனே தெரிவித்துத் திருத்தலாம். அதைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்த அறிகுறி, மாதந்தோறும் வரும் கணக்கறிக்கை ஒரு மாதம் வாராமல் போவது. வாராத கடிதத்தைக் கவனிப்பது, வந்த கடிதத்தைக் கவனிப்பதைவிடக் கடினம்.

அஞ்சலில் நேரும் குழப்பம் தொல்லை என்றால், கடன் வரலாற்றில் நேரும் குழப்பம் இழப்பு. அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்கள் மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கின்றன. வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் ஒவ்வொரு கணக்கின் நிலையையும் ஒரு பொது வடிவத்தில் அவற்றுக்கு அனுப்புகின்றன. அவ்வடிவத்தில் தலைமுறைக்கென ஓர் எழுத்து அளவுக்கு இடம் உண்டு. ஜூனியருக்கு J, சீனியருக்கு S, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 3 என்று அதில் இடவேண்டும். ஆனால் வாடிக்கையாளர் விண்ணப்பத்தில் எழுதாததை வங்கி அங்கே இட முடியாது. ஆகவே அந்த இடம் பல நேரங்களில் காலியாகவே போகிறது.

காலியிடத்தை வேறுபாடாகக் கொள்வதா, கொள்ளாதிருப்பதா? வேறுபாடாகக் கொண்டால், சில இடங்களில் ஜூனியர் என்றும் சில இடங்களில் வெறுமையாகவும் எழுதிய ஒரே மனிதரின் வரலாறு இரண்டு கோப்புகளாகப் பிளந்துவிடும். அவர் பழைய கடன்களை மறைத்துப் புதுக்கடன் பெற அது வழியாகும். வேறுபாடாகக் கொள்ளாவிட்டால், தந்தையின் கடனும் மகனின் கடனும் ஒரே கோப்பில் கலக்கும். கடன் கொடுப்போர் எந்தக் கடனும் விடுபடக் கூடாது என்றே விரும்புவர். எனவே தொகுப்பு நிறுவனங்கள் நெடுங்காலம் தளர்வான ஒப்பீட்டையே கைக்கொண்டன. பெயர் ஏறத்தாழ ஒத்து, முகவரியும் ஒத்தால், எண்ணில் ஓரிரு இலக்கங்கள் மாறினாலும் ஒருவரே என்று கொள்ளும் போக்கு அது. ஒரே பெயரில் ஒரே வீட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த தந்தையும் மகனும் அந்த வலையில் எளிதில் சிக்குகின்றனர்.

ஒட்டு எழுதியிருந்தும் எவரும் அதைப் பாராமல் விட்ட வழக்கு ஒன்று 1982-ஆம் ஆண்டு ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் நடந்தது அது. இருவருக்கும் முதற்பெயரும் குடும்பப்பெயரும் ஒன்று, நடுப்பெயர் வேறு. ஒருவர் ஜூனியர், மற்றவர் மூன்றாமவர். தந்தையும் மகனும் அல்லர். ஜூனியர் 1974-இல் ஒரு நகைக்கடையில் கணக்குத் தொடங்கி, 77 டாலர் 25 சென்ட் கட்டாமல் விட்டார். அது உள்ளூர்க் கடன் தகவல் நிறுவனத்தின் கோப்பில் ஏறியது. மூன்றாமவர் 1978-இல் ஓர் எண்ணெய் நிறுவனத்திடம் கடன் வசதி கேட்டு விண்ணப்பித்தார். அந்நிறுவனத்தின் கணினிப் பணியாளர், திரையில் வந்த ஜூனியரின் கோப்பையே விண்ணப்பதாரருடையது என்று ஏற்றுக்கொண்டார். உடனே தகவல் நிறுவனத்தின் கணினி மூன்றாமவரின் முகவரி முதலிய விவரங்களைத் தானாகவே அந்தக் கோப்பில் சேர்த்துக்கொண்டது. இருவரின் விவரங்களும் கலந்த, உலகில் இல்லாத ஒரு மூன்றாம் மனிதர் அங்கே உருவானார்.

மூன்றாமவருக்குக் கடன் மறுக்கப்பட்டது. காரணம் அவருக்குத் தெரியவில்லை. வேறு ஏதோ காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தார். 1979-இல்தான் உண்மை வெளிப்பட்டது. அவ்விரு கோப்புகளிலும் ஒட்டு வேறு, நடுப்பெயர் வேறு, ஒன்பது இலக்க எண் வேறு, தொழில் வேறு. இத்தனை வேறுபாடுகளுக்கும் கணினி எங்கும் நிற்கவில்லை. குறைந்தது இத்தனை விவரங்கள் பொருந்தினாலன்றிச் சேர்க்காதே என்ற கட்டளையே அதற்குத் தரப்படவில்லை என்பதை நீதிமன்றம் கவனக்குறைவு எனக் கண்டது. எண்கள் வேறுபட்டதைப் பின்னர் சரிபார்க்கத் தவறியதையும் தவறெனக் கண்டது. பத்தாயிரம் டாலர் இழப்பீடு உறுதிசெய்யப்பட்டது. கடன் தகவல்களை இயன்ற அளவு துல்லியமாக வைத்திருக்கத் தக்க நடைமுறைகளைப் பின்பற்ற வேண்டும் என்று கூறும் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு அது.

அதன்பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரோடு 2015-இல் மூன்று நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில், கலந்துபோன கோப்புகளைப் பற்றிய முறையீடுகளுக்குத் தனிக் கவனம் தருவதாக ஏற்றன. ஆயினும் கலப்பு அற்றுப்போய்விடவில்லை. அதன் மிகக் கடுமையான வடிவம் தந்தையின் மரணத்தில் தோன்றுகிறது. ஒருவர் இறந்தால் அவர் கணக்கில் X என்னும் குறியை வங்கி இட்டு அனுப்பும். தந்தையின் கணக்கு மகனின் கோப்பில் கலந்திருந்தால், அந்தக் குறியும் அங்கேதான் வந்து சேரும். இறந்தவருக்கு யாரும் கடன் மதிப்பெண் கணிப்பதில்லை. துக்கம் ஆறுமுன் வீட்டுக்கடனுக்கோ வாடகை வீட்டுக்கோ விண்ணப்பிக்கும் மகனுக்கு, தாம் உயிரோடு இல்லை என்ற செய்தி அவ்விதம் கிடைக்கிறது.

கலப்பு நேர்ந்திருக்கிறதா என்று அறிவது கடினமன்று. மூன்று நிறுவனங்களிடமிருந்தும் கடன் அறிக்கையை annualcreditreport.com என்னும் தளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். மூன்றையும் பெற வேண்டும். ஒன்றில் கலந்தது மற்றொன்றில் கலந்திருக்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது கணக்குகளையல்ல, மேலேயுள்ள அடையாளப் பகுதியை. தாம் ஒருபோதும் எழுதாத ஒட்டோடு பெயர் வடிவம் இருந்தாலும், தாம் வாழாத முகவரி இருந்தாலும் கலப்பு உண்டென்று ஐயுறலாம். பிறகு கணக்குகள் தொடங்கிய தேதிகளைப் பார்க்க வேண்டும். தமக்குப் பத்து வயதாக இருந்தபோது தொடங்கிய கடன் அட்டை தம்முடையதாக இருக்க முடியாது. (தந்தையின் அட்டையில் மகனைக் கூடுதல் பயனராகச் சேர்த்திருந்தால் அது வேறு; அதைத் தவறென்று முறையிடக் கூடாது.)

முறையீட்டை எழுதும்போது, ‘இவை என்னுடையவை அல்ல’ என்று பொதுவாக எழுதுவது பலன் தருவதில்லை. தந்தையின் பெயரும் தம் பெயரும் ஒன்று என்பதைச் சொல்லி, தம் ஒட்டையும் பிறந்த தேதியையும் குறித்து, எந்தெந்தக் கணக்கு தந்தையுடையது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். உரிமத்தின் நகலும் முகவரிச் சான்றும் இணைக்க வேண்டும். பொதுவாக முப்பது நாள்களுக்குள் விசாரித்து விடை தரவேண்டும் என்பது சட்டம். தகவல் அனுப்பிய வங்கிக்கும் அதே கடிதத்தை அனுப்புவது அவசியம்; அங்கே ஏடு திருந்தாவிட்டால் அடுத்த மாதம் அதே தவறு மீண்டும் வரலாம். தந்தை உயிரோடு இருப்பின் அவரும் தம் அறிக்கையைப் பார்க்கட்டும். மகனின் கோப்பில் மிகுந்திருப்பது தந்தையின் கோப்பில் குறைந்திருக்கக்கூடும்.

நம் குடும்பங்களில் இது எந்த அளவுக்குப் பொருந்தும்? தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் வழக்கமுடையோருக்கு ஜூனியர் என்ற சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. அமெரிக்கப் படிவத்தில் தந்தையின் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போவதால், முருகன் சுப்பிரமணியன் என்பவரின் மகன் கார்த்திக் முருகன் ஆகிறார். இருவருக்கும் ஒட்டு தேவையே இல்லை. ஆனால் அங்கே இரண்டு தலைமுறை ஆனபின் பல குடும்பங்கள் ஒரே குடும்பப்பெயரை நிலைப்படுத்திக்கொள்கின்றன. அதோடு பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் நம் வழக்கமும் சேர்ந்தால், முழுப்பெயரும் பாட்டனோடு ஒத்த குழந்தை பிறக்கிறது. அந்நாட்டு முறைப்படி அது இரண்டாமவர். பாட்டன் இந்தியாவில் இருக்கும்வரை முகவரி வேறு, நாடு வேறு என்பதால் குழப்பம் அரிது. பாட்டன் அங்கேயே குடியேறி ஒரே வீட்டில் வாழத் தொடங்கினால் மேற்சொன்ன யாவும் பொருந்தும்.

இங்குள்ள வங்கிக் கணக்கில், அத்தகைய மகனையோ பேரனையோ நியமனதாரராகக் குறிக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஒட்டு இருந்தால் ஒட்டோடு எழுதுவது நல்லது. பிறந்த தேதியையும் உறவுமுறையையும் தவறாமல் குறிக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவரும் நியமனதாரரும் ஒரே பெயருடையவராக இருக்கும்போது, தொகையைக் கோரும் நாளில் இருவரையும் பிரித்துக் காட்டப்போவது அந்தத் தேதிதான். கடவுச்சீட்டில் ஒட்டு இருந்து அமெரிக்க வங்கிக் கணக்கில் இல்லையென்றால், பணம் அனுப்பும் முன்பே இரு வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கான சான்றைக் கிளையில் கொடுத்து வைக்கலாம்.